காளைக்கு எலும்பு பூட்டுவதா, ஒவ்வொரு ஃப்ரேமாக வரைவதா?

பொங்கல் முடிந்த கையோடு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் ஊருக்கு ஊர் காளை விடும் விழா தொடங்கிவிடும். இது மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு மாதிரி திமிலைப் பிடித்துத் தொங்குகிற ஆட்டம் இல்லை. தெருவின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி, காளைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுவார்கள். குறித்த தூரத்தை எந்தக் காளை குறைந்த நேரத்தில் கடக்கிறதோ அதற்குப் பரிசு. ஓட்டம், கடிகாரம், கூட்டம் என்று மொபைல் கேமுக்கு வேண்டியதெல்லாம் இதிலேயே இருக்கிறது. இங்கே கேம் செய்யக் கற்றுக்கொள்கிறவர்களில் யாராவது ஒருவர் இதைக் கையில் எடுக்காத வருஷம் இல்லை. காட்பாடியிலிருந்து வந்தாலும் குடியாத்தத்திலிருந்து வந்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, காளைக்கு ரிக் போடலாமா, ஸ்ப்ரைட் ஷீட் வரையலாமா?"

இரண்டும் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஸ்ப்ரைட் ஷீட் என்றால் ஓட்டத்தின் ஒவ்வொரு நிலையையும் தனிப் படமாக வரைந்து, எல்லாவற்றையும் ஒரே பெரிய படத்தில் கட்டம் கட்டமாக அடுக்கி, கேம் ஓடும்போது ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவது. ரிக் என்கிற எலும்பு முறை தோல்பாவை மாதிரி: தலை, கழுத்து, உடல், கால் என்று துண்டு துண்டாக வரைந்து, உள்ளே கண்ணுக்குத் தெரியாத எலும்புகளைப் பூட்டி, எலும்பை ஆட்டினால் துண்டும் ஆடும்படி செய்வது. தோல்பாவையில் இல்லாதது மெஷ். ஒவ்வொரு துண்டின் மேலும் முக்கோண வலை ஒன்றைப் போர்த்தி, வலையின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்புக்கு எவ்வளவு கட்டுப்பட்டது என்ற வெயிட்டைச் சொல்லிவிட்டால், துண்டு விறைப்பாகத் திரும்பாமல் தோல் மாதிரி வளையும்.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு கேமை மனதில் வைத்துக்கொள்வோம். பக்கவாட்டுப் பார்வை, இடமிருந்து வலம் ஓட்டம். ஆடுபவர் தேர்ந்தெடுக்க ஆறு காளைகள். ஒவ்வொன்றுக்கும் ஆறு அசைவுகள்: நிற்பது 8 ஃப்ரேம், நடப்பது 12, ஓடுவது 12, தாவுவது 10, இடறி விழுவது 10, முகத்தை நம் பக்கம் திருப்பிப் பார்ப்பது 6. மொத்தம் 58 ஃப்ரேம்.

## எதை வைத்து எடைபோடுவது

"எது ஸ்மூத்தாக இருக்கும்?" என்று தொடங்குகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கேள்வியால் பிரயோஜனம் இல்லை. நன்றாக வரைந்த 12 ஃப்ரேம் ஓட்டம், மோசமாக ரிக் செய்த 60 எஃப்.பி.எஸ். ஓட்டத்தைவிட உயிரோடு இருக்கும். நான் கேட்கச் சொல்வது வேறு கேள்விகள்.

காளை திரையில் எவ்வளவு பெரிது, எந்தப் பாணியில் வரைந்தது? ஒரே அசைவு எத்தனை காளைகளுக்குப் பயன்படப்போகிறது? அசைவின் நடுவில் உடம்பு நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ திரும்புகிறதா? பாதி வேலையில் யாராவது வந்து "இதை மாற்று" என்றால் எவ்வளவு கிழியும்? கடைசியாக, போனின் நினைவகத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும்? பலர் நினைவகத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். நம் விழாவைப் பொறுத்தவரை அது ஏன் கடைசிக் கேள்வி என்று கீழே சொல்கிறேன்.

## ஃப்ரேம் ஃப்ரேமாக வரைந்தால்

இதன் பெரிய பலம், எந்த நிலையையும் வரையலாம் என்பது. பாய்ச்சலின் நடுவில் நான்கு கால்களும் வயிற்றுக்கடியில் சுருண்டு, குளம்பு எதுவும் தரையில் படாத ஒரு கணம் வரும். அந்த ஃப்ரேமில் முதுகைக் கொஞ்சம் கூடுதலாக வளைத்து, கழுத்தை முன்னே நீட்டி, வாலைக் கோடாக இழுத்தால் வேகம் தெரியும். உண்மையான காளை அவ்வளவு வளையாது. பரவாயில்லை, ஒரு ஃப்ரேம்தானே, கண்ணுக்கு உறைக்காது, வேகம் மட்டும் உறைக்கும். இந்த வகைப் பொய்தான் கையால் வரைவதன் சுகம்.

பிக்சல் ஆர்ட் என்றால் விவாதமே வேண்டாம், ஃப்ரேம்தான். 64×48 பிக்சல் காளையின் முழங்கால் அகலம் இரண்டோ மூன்றோ பிக்சல். அதை எலும்பால் 17 டிகிரி திருப்பினால் சதுரங்கள் சாய்ந்து, ஓரங்கள் ரம்பப் பல்லாகி, ஒரே படத்தில் நேர்ச் சதுரமும் சாய்ந்த சதுரமும் கலந்து நிற்கும். பிக்சல் ஆர்ட் ரசிகர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். செலவும் இங்கே குறைவு. அந்த அளவில் 58 ஃப்ரேமும் ஒரு 512×512 படத்தில் அடங்கிவிடும், நினைவகத்தில் 1 எம்.பி. நிறம் மாற்றத் தனிப் படமும் வேண்டாம். மயிலைக் காளையின் நிறங்களை ஷேடரில் செவலை நிறங்களாக மாற்றிக் காட்டினால் போதும்.

பெரிய, கோடு தெளிவாக இருக்கும் கார்ட்டூன் பாணிக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. 1920×1080 திரையில் காளை கம்பீரமாகத் தெரிய 512×384 கட்டம் வேண்டும். ஒரு பிக்சலுக்கு நான்கு பைட்:

```
512 × 384 × 4 = 786432 பைட் = 0.75 எம்.பி.
0.75 × 58     = 43.5 எம்.பி. (ஒரு காளை)
43.5 × 6      = 261 எம்.பி. (ஆறு காளை)
```

"என் பிஎன்ஜி ஃபைல் மூன்று எம்.பி.தானே" என்பார்கள். பிஎன்ஜி சுருங்கி இருப்பது டிஸ்க்கில் மட்டும். கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போகும்போது விரிந்துவிடும். 2048×2048 ஷீட் ஒன்று, ஃபைலில் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், உள்ளே 16 எம்.பி. இஞ்சினில் ETC2 அல்லது ASTC 4×4 சுருக்கம் போட்டால் அது நாலில் ஒரு பங்காகும். ஆனால் இந்தச் சுருக்கம் 4×4 பிக்சல் கட்டம் கட்டமாகச் செய்வது. அதனால் அழுத்தமான கறுப்புக் கோட்டின் ஓரத்தில் அழுக்குப் படிந்த மாதிரி தெரியும். பிக்சல் ஆர்ட்டுக்கு இது ஆகவே ஆகாது.

261 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து ரிக் பக்கம் ஓடிவிடாதீர்கள். நம் விழாவில் காளைகள் ஒன்றாகவா ஓடுகின்றன? ஒவ்வொன்றாகத்தான் விடுகிறார்கள். அதாவது நினைவகத்தில் எந்த நேரமும் ஒரு காளைதான் இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கும் திரையில் ஆறுக்கும் அசையாத படம் போதும். அப்படியானால் 43.5 எம்.பி., சுருக்கினால் சுமார் 11. குறைந்த விலை போனும் தாங்கும். ஆறு காளையும் அருகருகே ஓடும் கேம் என்றால்தான் 261 பிரச்சினை. விழாவின் விதியே நினைவகப் பிரச்சினையைத் தீர்த்து வைக்கிறது.

உண்மையான செலவு கை வலி. தேர்ந்த கை ஒரு ஃப்ரேமைக் கோடு, நிறம், நிழல் முடித்து எடுக்க ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காளைக்கு 58 மணி. இரண்டாவது காளையில் நிறம் மட்டும்தான் மாறுகிறது என்றால் ஃப்ரேமுக்கு 20 நிமிஷம், ஏறக்குறைய 19 மணி. கொம்பின் வளைவும் திமிலின் அளவும் மாறினால் பாதிக்கு மேல் புதிதாக வரைய வேண்டும்.

திருத்தம் வரும்போது இது இன்னும் கசக்கும். ஓட்டம் எல்லாம் முடிந்த பிறகு பணம் போட்டவர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி, திமிலு மட்டும் இன்னும் கொஞ்சம் எடுப்பா இருக்கணும். நம்ம ஊரு காளை இப்படியா இருக்கும்?" என்பார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு 58 படங்களைத் திறக்க வேண்டும்.

அப்புறம் ஒரு தொழில்நுட்பக் கோளாறு, ஷீட் வரைகிற எல்லோரும் ஒரு தடவையாவது பார்ப்பது. காளை ஓடும்போது உடம்பே வெடவெடவென நடுங்கும், குளம்பு தரையில் நிலையாகப் படாது. ஓவியம் சரியாகத்தான் இருக்கும். ஷீட்டை அடுக்கும் மென்பொருள் ஒவ்வொரு ஃப்ரேமையும் சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டி, அளவைக் குறைத்திருக்கும். கால் நீண்ட ஃப்ரேம் அகலமாகவும், சுருண்ட ஃப்ரேம் குறுகலாகவும் ஆகிவிடும். இஞ்சின் ஒவ்வொன்றின் நடுப்புள்ளியையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டுவதால் காளை முன்னும் பின்னும் தள்ளாடும். வெட்டும்போது பழைய அளவையும் நகர்வையும் சேர்த்து எழுதும் வசதியை இயக்க வேண்டும், அல்லது வெட்டாமலே அடுக்க வேண்டும்.

## எலும்பும் மெஷ்ஷும் போட்டால்

முதலில் வரையும் முறையே மாறும். முழுக் காளையை வரைந்துவிட்டு வெட்டக் கூடாது. முன்னங்காலுக்குப் பின்னால் மறைந்திருக்கும் நெஞ்சு, பின் தொடைக்குப் பின்னால் இருக்கும் வயிறு, கொம்பின் அடி எல்லாவற்றையும் மறைந்த பாகம் சேர்த்து வரைய வேண்டும். இல்லையென்றால் கால் முன்னே போன உடனே நெஞ்சில் ஓட்டை தெரியும். மூட்டு முனைகளை உருண்டையாக வரைந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும்படி விட வேண்டும். நேர எஸ்டிமேட் போடும்போது எல்லோரும் மறந்துவிடுவது இந்த மறைந்த பாக வேலையைத்தான்.

அடுத்து எலும்பு. முதுகுக்கு இரண்டு, கழுத்துக்கு இரண்டு, தலை, ஒவ்வொரு காலுக்கும் மூன்று, வாலுக்கு நான்கைந்து. இதோடு திமிலுக்கு ஒன்று, கழுத்துக்கடியில் தொங்கும் அலைதாடிக்கு இரண்டு. இந்தக் கடைசி மூன்றும்தான் நாட்டுக் காளையை மாட்டுப் பொம்மையிலிருந்து பிரிக்கின்றன. முதுகு மேலே போய் இறங்கும்போது திமில் இரண்டு ஃப்ரேம் தாமதமாக இறங்கும்படி கீ வைத்து, அதாவது எந்த நேரத்தில் எலும்பு எங்கே என்று குறித்துப் பாருங்கள், சதையின் கனம் வந்துவிடும். அலைதாடி இன்னும் ஒரு ஃப்ரேம் தாமதமாக ஆடட்டும். கையால் 58 ஃப்ரேமிலும் இதைச் சீராக வரைவது எவ்வளவு கஷ்டம் என்று வரைந்தவர்களுக்குத் தெரியும். இங்கே ஒரு முறை கீ வைத்தால் போதும்.

மெஷ்ஷில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். புள்ளிகள் அதிகமானால் நன்றாக வளையும் என்று நினைத்து ஒரு காலுக்கு நாற்பது, ஐம்பது புள்ளி வைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் வெயிட் சொல்ல வேண்டும். எங்கோ ஒன்று தவறினால் அந்த இடம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், எது என்று தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் போகும். முழங்காலுக்கு மூன்று வரிசை போதும். ஒன்று மூட்டுக் கோட்டின் மேலேயே, மேல் கீழ் எலும்புக்குப் பாதிப் பாதி வெயிட். அதற்கு மேலே ஒரு வரிசை, முழுக்க மேல் எலும்புக்கு. கீழே ஒன்று, முழுக்கக் கீழ் எலும்புக்கு. மீதிக் காலில் வெளிக்கோட்டுப் புள்ளிகள் மட்டும் போதும். அதிகமாக மடக்கும்போது மூட்டு மெலிந்து பிழிந்த துணி போல் ஆகும். அது வெயிட் கணக்கின் இயல்பு. உட்பக்கத்துப் புள்ளிகளை அந்த நிலையில் கையால் தள்ளி ஒரு கீ வைப்பதுதான் வழி.

காலைத் தரையில் நிறுத்த ஐ.கே. போடுவோம். குளம்பு எங்கே என்று சொன்னால் முழங்கால் தானே மடங்கிக்கொள்ளும். இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். மாட்டின் முன்னங்கால் முட்டி முன்பக்கம் துருத்தும், பின்னங்கால் மூட்டு பின்பக்கம் துருத்தும், இரண்டுக்கும் மடங்கும் திசை எதிரெதிர். அடுத்தது, பாய்ச்சலில் கால் முழுதாக நீளும் கணம். குளம்பின் இலக்கு காலின் நீளத்தைத் தாண்டிப் போனால் கால் கம்பியாக நிமிரும், அடுத்த கணம் முழங்கால் திடுக்கென்று மடங்கும். ஓட விட்டுப் பார்த்தால் "ஏதோ உதறுது" என்று மட்டும் தோன்றும். ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தால் எந்த இடம் என்று தெரியும். இலக்கைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, கால் எப்போதும் லேசாக மடங்கி இருக்கும்படி வைத்தால் தீர்ந்தது.

இனி ஆதாயக் கணக்கு. பாகங்கள் வரைய 15 மணி, மெஷ்ஷும் வெயிட்டும் 15, ஆறு அசைவுக்கும் தலா 5 என்று 30. கூட்டினால் 60 மணி. ஃப்ரேமில் 58 என்றோம். அதாவது காளை ஒன்றே ஒன்று என்றால் எலும்பால் ஒரு மணி நேரம்கூட மிச்சமில்லை. இரண்டாவது காளைக்கு அதே ரிக்கில் புதுப் பாகங்களை வரைந்து மாட்டினால் போதும், ஏழெட்டு மணி. மூன்றாவதுக்கும் அப்படியே. கொம்புக்குச் சலங்கை, கழுத்துக்கு மாலை, நெற்றிக்குப் பொட்டு என்று ஆடுபவர் வாங்கி மாட்டும் அலங்காரம் இருந்தால் எலும்பு எங்கேயோ போய்விடும். ஒவ்வொன்றும் ஒரு சின்னப் படம், ஓர் எலும்பில் தொங்கும், அவ்வளவுதான்.

திமில் பெரிதாக வேண்டும் என்று பணம் போட்டவர் வந்து நின்றால்? உடல் படத்தை ஒரு தடவை திருத்தினால் ஆறு அசைவிலும் மாறிவிடும். ஆனால் புதுத் திமில் பழைய மெஷ்ஷின் வெளிக்கோட்டைத் தாண்டினால் மேல்முனை வெட்டுப்பட்டுத் தெரியும். மெஷ் ஓரத்தை நகர்த்தி, அங்கே உள்ள புள்ளிகளின் வெயிட்டைச் சரிபார்க்க வேண்டும். அரை நாள் வேலை, ஐம்பத்தெட்டு படத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பாணி விஷயத்தில் எலும்புக்கு ஒரு பலவீனம் உண்டு. தோளில் மேலிருந்து வெயில் பட்டு மின்னுகிற மாதிரி நிழலும் ஒளியும் வரைந்தால், கால் பின்னே போகும்போது அந்த ஒளியும் கூடவே திரும்பிப் போகும். சூரியன் காலோடு சேர்ந்து ஆடுவது போல் இருக்கும். நிறத்தைத் தட்டையாக வைத்து, நிழலை லேசாகப் போட்டால் தப்பிக்கலாம். எண்ணெய் ஓவியம் மாதிரியான பாணி வேண்டும் என்றால் எலும்பு ஒத்துழைக்காது.

## ஓட்டத்தின் வேகமும் மாறும் இடங்களும்

குளம்பு தரையில் வழுக்காமல் இருக்க அசைவின் வேகமும் காளை நகரும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு முறையிலும் அதே ஒற்றை வரிதான். கோடோ என்ற கேம் இஞ்சினில் வினாடிக்கு 900 பிக்சல் வேகத்துக்கு ஓட்டத்தை வரைந்திருந்தால்:

```
anim.speed_scale = velocity.x / 900.0
```

AnimatedSprite2D, AnimationPlayer இரண்டிலும் `speed_scale` உண்டு. வித்தியாசம் வேகம் குறையும்போது தெரியும். 12 ஃப்ரேம் ஓட்டத்தைப் பாதி வேகத்தில் காட்டினால் படம் படமாகத் தட்டித் தட்டி நகர்வது தெரியும். எலும்பு இடைநிலைகளைத் தானே கணக்கிட்டுக்கொள்வதால் வழுவழுப்பு குறையாது. கடைசி நொடியை ஸ்லோமோஷனில் காட்டும் எண்ணம் இருந்தால் இது பெரிய விஷயம்.

ஆனால் நடையிலிருந்து ஓட்டத்துக்கு எலும்பு தானாகக் கலந்துவிடும் என்ற விளம்பரத்தை நாலு கால் பிராணிக்கு அப்படியே நம்ப வேண்டாம். நடையில் இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்று ஒன்றன்பின் ஒன்றாக விழும். பாய்ச்சலில் பின்கால் இரண்டும் அடுத்தடுத்து, முன்கால் இரண்டும் அடுத்தடுத்து. இவை இரண்டையும் பாதிப் பாதி கலந்தால் இரண்டும் இல்லாத ஒரு தள்ளாட்டம் வரும். கலக்கும் நேரத்தை 0.1 வினாடிக்குள் வைக்க வேண்டும், அல்லது நடுவில் ஒரு சின்னக் குதிப்பைத் தனியாகச் செய்ய வேண்டும்.

## காளை நம் பக்கம் திரும்பும்போது

முடிவைத் தீர்மானிப்பது இந்த இடம்தான் என்பது என் எண்ணம். எல்லைக்கோட்டைத் தாண்டிய காளை நின்று, கூட்டத்தைப் பார்த்துத் தலையைத் திருப்பும் காட்சி இல்லாமல் இந்த கேம் எடுபடாது. பக்கவாட்டில் இருந்து முகம் திரும்பும்போது என்ன நடக்கிறது? நீளமான உடம்பு குறுகுகிறது. ஒன்றின் பின்னால் ஒன்றாக இருந்த கொம்புகள் விரிந்து இரண்டாகத் தெரிகின்றன. மூக்கு பெரிதாகிறது, இதுவரை தெரியாத மறுபக்கத் தோள் வெளியே வருகிறது. பக்கவாட்டுப் படத்தில் அந்தத் தோளே இல்லை. இல்லாத பிக்சலை எந்த மெஷ்ஷாலும் இழுத்துக் கொண்டுவர முடியாது.

கண், மூக்கு, கொம்பைக் கொஞ்சம் நகர்த்தி, மெஷ்ஷை ஒரு பக்கம் அழுத்தினால் 10, 15 டிகிரி வரை ஏமாற்றலாம். அதற்கு மேல் போனால் முகம் ரப்பர் முகமூடியாகிவிடும். முன்பார்வைக்குத் தனி ரிக் செய்வது ஒரு வழி. ஆறு ஃப்ரேம் காட்சிக்கு இன்னொரு முழு ரிக் என்பது நேரத்துக்கு வந்த கேடு. அந்த ஆறு ஃப்ரேமைக் கையால் வரைந்துவிடுவதே மேல். இடறி விழுவதும் அப்படித்தான். கால் மடங்கும் வரை எலும்பு போதும், உடம்பு புரளத் தொடங்கியதும் கைதான்.

அப்படிக் கலந்து செய்யும்போது சந்திப்புப் புள்ளியில் ஒரு துள்ளல் தெரியும். அதைத் தவிர்க்க, எலும்பு அசைவின் கடைசி நிலையை பிஎன்ஜியாக எடுத்து, வரையும் மென்பொருளில் அடி லேயராக வைத்து, கையால் வரையும் முதல் ஃப்ரேமை அதன் மேலேயே வரையுங்கள். கோட்டின் தடிமனும் அதிலிருந்தே எடுங்கள். மெஷ் இழுபட்ட இடத்தில் கோடு மெலிந்திருக்கும், கைக்கோடு சீராக இருக்கும், மாற்றம் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். மாறும் கணத்தில் காலடியில் கொஞ்சம் புழுதியைக் கிளப்பிவிட்டால் மீதியும் மறைந்துவிடும். நம் தெருவில் புழுதிக்கா பஞ்சம்?

நினைவகம் எவ்வளவு? ரிக்குக்கு எல்லாப் பாகங்களையும் அடுக்கிய 1024×1024 அட்லஸ் ஒன்று, 4 எம்.பி. திரும்பும் ஆறு ஃப்ரேம் 4.5 எம்.பி. விழுவதில் கடைசி ஆறு ஃப்ரேம் மட்டும் கை என்றால் இன்னொரு 4.5. மொத்தம் 13 எம்.பி., சுருக்கம் எதுவும் போடாமலே.

## ஒரே பார்வையில்

| கேள்வி | ஃப்ரேம் | எலும்பும் மெஷ்ஷும் |
|---|---|---|
| பிக்சல் ஆர்ட் | இதுதான் | வேண்டாம் |
| பெரிய கார்ட்டூன் பாணி | முடியும், கை வலிக்கும் | பொருத்தம் |
| காளை ஒன்றுதான் | ஏறக்குறைய சமம் | ஏறக்குறைய சமம் |
| பல காளை, பல அலங்காரம் | வேலை பெருகிக்கொண்டே போகும் | இரண்டாவதிலிருந்தே ஆதாயம் |
| நம் பக்கம் திரும்புதல், புரளுதல் | இயல்பாக வரும் | 15 டிகிரிக்கு மேல் முடியாது |
| நடுவில் திருத்தம் | எல்லாப் படத்தையும் தொட வேண்டும் | ஒரு பாகமும் அதன் மெஷ்ஷும் |
| நினைவகம் (ஒரு பெரிய காளை) | 43.5 எம்.பி. | 4 எம்.பி. |
| ஸ்லோமோஷன் | தட்டித் தட்டி ஓடும் | வழுவழுப்பாக இருக்கும் |

## காசும் மென்பொருளும்

ஃப்ரேமுக்குக் கிரிட்டா இலவசம். பிக்சல் ஆர்ட்டுக்கு ஏஸ்ப்ரைட் வாங்கலாம், சின்ன விலைதான். எலும்புக்குப் பெயர் பெற்றது ஸ்பைன். ஆனால் அதன் மலிவான எசென்ஷியல் பதிப்பில் மெஷ்ஷும் இல்லை, வெயிட்டும் இல்லை, ஐ.கே.யும் இல்லை. நாம் மேலே பேசியது எல்லாவற்றுக்கும் புரொஃபஷனல் பதிப்பு வேண்டும், விலை பல மடங்கு. விலையை மட்டும் பார்த்து எசென்ஷியல் வாங்கிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். இன்னொன்று, ஸ்பைன் எடிட்டரின் பதிப்பும் கேமில் சேர்க்கும் ரன்டைமின் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும். 4.1-இல் ஏற்றுமதி செய்த கோப்பை 4.2 ரன்டைம் படிக்காது. குழுவில் ஒருவர் மட்டும் அப்டேட் செய்தால் மறுநாள் காலை காளை காணாமல் போயிருக்கும்.

கற்றுக்கொள்ளும் கட்டத்தில் காசு செலவழிக்கத் தேவையில்லை. கோடோவில் Skeleton2D, Bone2D, Polygon2D மூன்றும் இஞ்சினோடு வருகின்றன. யூனிட்டியில் 2D Animation பேக்கேஜ் உண்டு. வெயிட் தீட்டும் வசதி ஸ்பைன் அளவுக்குச் சுகமாக இருக்காது, ஆனால் ஆறு காளைக்குப் போதும்.

## யாருக்கு எது

தனியாக, பிக்சல் ஆர்ட்டில், கல்லூரி புராஜெக்டுக்குச் செய்கிறவர் ரிக் பற்றி யோசிக்கவே வேண்டாம். நன்றாக வரையத் தெரிந்து, காளை ஒன்றே ஒன்று, அதன் குணத்தைக் காட்டுவதுதான் கேம் என்றாலும் ஃப்ரேமுக்கே போங்கள். மணி நேரம் சமம்தான், உயிர் அதிகம். பெரிய படம், பல காளை, அலங்காரக் கடை, அடிக்கடி திருத்தம் கேட்கும் முதலாளி என்றால் எலும்பு, திரும்பும் காட்சிக்கு மட்டும் கை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் கூட்டத்துக்கு எலும்பு போடாதீர்கள். முப்பது பேருக்கு முப்பது ரிக் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் அத்தனை மெஷ் புள்ளிகளையும் கணக்கிட வேண்டும், போன் சூடாகும். 96×128 அளவில் ஆறு ஃப்ரேம் கைதட்டல், ஒரு ஆளுக்கு 288 கே.பி. நாலைந்து வகை ஆட்களை வரைந்து, ஒவ்வொருவரையும் வேறு வேறு ஃப்ரேமிலிருந்து தொடங்க வைத்தால் போதும். அந்த ஆட்களையே ரிக்கில் அசைத்து, பிஎன்ஜி வரிசையாக ஏற்றுமதி செய்து ஷீட்டாக அடுக்குவதும் உண்டு. வரையும் நேரம் மிச்சமாகும், ஓடும்போது ஷீட்டின் எளிமையும் கிடைக்கும்.

இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால், முழுக் காளை வேண்டாம், ஒரு முன்னங்காலை மட்டும் எடுங்கள். நிறமில்லாமல், சாம்பல் நிற உருளைகளாக, பாய்ச்சலின் ஒரு சுற்றை ஒரு நாள் ஃப்ரேமாகவும் மறுநாள் மூன்று எலும்பாகவும் செய்து, இரண்டையும் போனில் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஓட விடுங்கள். லேப்டாப் திரையில் பார்க்க வேண்டாம், அதில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.